இருபதாம் தேதி காய்ச்சல்

கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்த்து ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் தனி ஆட்கள் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். ஒரு மேசை, ஒரு லேப்டாப், டேலி, இருபது இருபத்தைந்து கிளையன்ட். உதவியாளர் கிடையாது. தேதி தவறினால் அபராதம் கடைக்காரருக்கு, ஏச்சு கணக்கருக்கு. மாதச் சம்பளக்காரர் மருத்துவ விடுப்பு எடுப்பார். இவருக்கு விடுப்பு கொடுக்க ஆளில்லை. ஆகவே காய்ச்சலுக்கும் கணினிக் கோளாறுக்கும் பொங்கலுக்கும் இவர் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்தாக வேண்டும்.

முதலில் தெரிய வேண்டியது, எந்தத் தாமதம் எவ்வளவு வலிக்கும் என்பது. மாதாமாதம் ரிட்டர்ன் போடும் கடை, விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1ஐ அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள்ளும், வரி கட்டும் 3பியை 20ஆம் தேதிக்குள்ளும் போட வேண்டும். 3பி தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய். ‘நில்’ என்றால் 20 ரூபாய். கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. 40,000 ரூபாய் வரி உள்ள கடைக்கு ஆறு நாள் தாமதம் என்றால் அபராதம் 300, வட்டி ஏறக்குறைய 118. எரிச்சல்தான், ஆனால் உயிர் போகாது. ஜிஎஸ்டிஆர்-1 தவறுவது வேறு விஷயம். அது 13ஆம் தேதியையும் தாண்டிவிட்டால், 14ஆம் தேதி உருவாகும் வாங்குபவரின் 2பி அறிக்கையில் அந்த பில்கள் இருக்காது. அந்த மாதம் அவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. மறுநாளே கடைக்காரருக்கு போன் வரும், “உங்க பில் எனக்கு ஏறல, பேமென்ட்டை நிறுத்தி வச்சிருக்கேன்” என்று. எனவே 9ஆம் தேதி படுத்தால் ஒரு திட்டம், 16ஆம் தேதி படுத்தால் இன்னொரு திட்டம்.

பிப்ரவரி 16ஆம் தேதி ஒரு கணக்கருக்கு டெங்கு என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இருபது கிளையன்ட். அதில் ஆறு பேர் காலாண்டு முறையில் இருப்பவர்கள். ஜனவரிக்கு அவர்கள் 3பி போட வேண்டியதில்லை. 25ஆம் தேதிக்குள் வரிப் பணம் மட்டும் கட்டினால் போதும். மூன்று பேருக்கு வியாபாரமே இல்லை. அவர்கள் தங்கள் பதிவுசெய்த கைபேசியிலிருந்து 14409 எண்ணுக்கு இப்படி ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால், உறுதிசெய்ய ஒரு ஆறிலக்கக் குறியீடு திரும்பி வரும்:

```
NIL 3B 33ABCDE1234F1Z5 012026
```

நடுவில் இருப்பது கடையின் ஜிஎஸ்டி எண், கடைசியில் இருப்பது மாதமும் ஆண்டும். குறியீடு வந்ததும் `CNF 3B` என்று அடித்து அதைச் சேர்த்து அனுப்பினால் வேலை முடிந்தது. கணக்கரே தேவையில்லை.

மீதி பதினொரு பேர். நான்கு பேருடைய 3பி தயாராக இருக்கிறது, சமர்ப்பிக்க வேண்டியதுதான் பாக்கி. ஏழு பேருக்கு இன்னும் வேலை இருக்கிறது. உள்ளூரில் இதே தொழில் செய்யும் நண்பரிடம் முன்பே பேசி வைத்திருந்தால் அவர் தயாரான நான்கையும், ஏழில் நான்கையும் முடித்துக் கொடுப்பார். அதற்கு மேல் கேட்க முடியாது. அவருக்கும் அதே 20ஆம் தேதிதான். மிச்சமுள்ள மூன்று பேருக்கு ரிட்டர்ன் தாமதமாகும். ஆனால் வரியை உத்தேசமாகக் கணித்து, 20க்குள் சலான் கட்டிவிடச் சொல்லலாம். அந்தத் தொகை மின்னணு ரொக்கக் கணக்கில் அப்படியே இருந்து, பிறகு ரிட்டர்ன் போடும்போது கழிக்கப்பட்டால், அதற்கு வட்டி கிடையாது. 2024இல் விதி அப்படி மாறியது. சலான் உருவாக்க கடவுச்சொல்கூட வேண்டாம், ஜிஎஸ்டி எண்ணும் ஓடிபியும் போதும். பாக்கி, மூன்று பேருக்கான தாமதக் கட்டணம். ஆறு நாளுக்கு 900 ரூபாய். கணக்கர் அதைத் தன் கையிலிருந்து கட்டிவிடுவதே மரியாதை. அந்தத் தொகையை வருடத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு.

இவ்வளவும் ஒரே ஒரு விஷயத்தால் கவிழ்ந்துவிடும். ரிட்டர்னைச் சமர்ப்பிக்கும்போது ஓடிபி எந்தக் கைபேசிக்குப் போகிறது? பதிவு எடுத்த நாளில், “உங்க நம்பரையே போட்டுக்குங்க சார், எனக்கு இதெல்லாம் தெரியாது” என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். கணக்கரும் வசதி என்று போட்டிருப்பார். இப்போது பத்துக் கடைகளின் ஓடிபியும் மருத்துவமனையில் தலையணைக்கு அடியில் கிடக்கும் பூட்டிய போனில் வந்து விழும். நண்பரால் எதுவும் செய்ய முடியாது, கடைக்காரராலும் முடியாது. நல்லா இருக்கும்போதே தளத்தில் பதிவுத் திருத்தம் போட்டு, கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கடைக்காரருடையதாக மாற்ற வேண்டும். என் கணக்கில் இந்த ஒரு திருத்தம் மற்ற எல்லா ஏற்பாடுகளுக்கும் மேல்.

நண்பரிடம் கொடுக்க ஒரு தாள் போதும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு வரி: மாதமா காலாண்டா, பில்கள் வாட்ஸப்பில் வருமா பையில் வருமா, ஓடிபி யாரிடம், இந்த மாதம் வேலை எதுவரை வந்திருக்கிறது. கடைசிக் கட்டத்தை அன்றன்றைக்கே நிரப்பாவிட்டால் தாள் வீண். வேறொருவர் தங்கள் கணக்கைப் பார்க்கக்கூடும் என்று கடைக்காரர்களிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். போட்டிக் கடையின் கணக்கை அந்த நண்பரே பார்த்துக்கொண்டிருக்கலாம் அல்லவா?

லேப்டாப் படுப்பது இன்னொரு வகைக் காய்ச்சல். டேலி டேட்டாவை பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்டால், எப்போதும் செருகியே இருக்கும் ஒரு பென் டிரைவைக் காட்டுவார்கள். ரான்சம்வேர் புகுந்தால் செருகியிருப்பதும் சேர்ந்தே போகும். இரண்டு வெளி டிஸ்க்குகளை ஒன்றுவிட்டு ஒரு நாள் மாற்றி, வேலை முடிந்ததும் கழற்றி, ஒன்றை வீட்டிலும் ஒன்றை அலுவலகத்திலும் வைத்தால் அதிகபட்ச இழப்பு ஓரிரு நாள் உழைப்பு. டேட்டா ஃபோல்டரை அப்படியே கிளவுட் சிங்க்கில் விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதும் சரியல்ல. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பேக்கப் கோப்பைத் தனியாக ஏற்றி வைக்கலாம்.

எடுத்த பேக்கப் திறக்கிறதா என்பதை மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் ரீஸ்டோர் செய்து, கடைசி வவுச்சரின் தேதியையும் டிரயல் பேலன்ஸ் மொத்தத்தையும் ஒப்பிட்டால் போதும். தவறிப்போய் நடப்பு ஃபோல்டரிலேயே ரீஸ்டோர் செய்தால் பழைய கணக்கு புதிய கணக்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். மாற்று லேப்டாப் தயாராக இருந்தாலும் டேலி உரிமம் அதில் தானாக வராது. சீரியல் எண்ணும், உரிமம் எடுத்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லும் கைவசம் வேண்டும். அந்த மின்னஞ்சல் மென்பொருள் விற்றவருடையதாக இருந்து, அவர் கடையை மூடிவிட்டுப் போயிருந்தால் சிக்கல். பிரைவேட் லிமிடெட் கிளையன்ட் இருந்தால் டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கான டிரைவரையும் மாற்று லேப்டாப்பில் முன்பே நிறுவிவிடுவது நல்லது.

பண்டிகைக்கு வருவோம். ஜனவரிதான் கொடுமை. மாதக்காரர்களுக்கு 11, காலாண்டுக்காரர்களுக்கு 13, அடுத்த நாளோ மறுநாளோ பொங்கல், பிறகு 20, 22. “பில்லை ஜனவரி 3க்குள் கொடுத்தால்தான் பொங்கலுக்கு முன் முடியும்” என்று டிசம்பர் நடுவிலேயே எல்லோருக்கும் செய்தி போக வேண்டும். தேதி நீட்டிப்பு வரும் என்று நம்பிக் காத்திருப்பது சூதாட்டம். 2025இல் தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதியிலேயே விழுந்தது. 3பி தேதியை 25க்கு நீட்டினார்கள். ஆனால் அறிவிப்பு வந்தது பண்டிகைக்கு ஓரிரு நாள் முன்புதான். அதற்குள் பாதிப் பேர் ராத்திரி கண்விழித்து முடித்துவிட்டார்கள்.

நாலு நாள் சேர்ந்தாற்போல் ஊருக்குப் போக விரும்பும் கணக்கர், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் 22ஆம் தேதிக்குப் பிறகு டிக்கெட் போடலாம். மற்ற மாதங்களில் காலாண்டுக்காரர்களின் 25ஆம் தேதிப் பணம் குறுக்கே நிற்கும். இந்த நான்கு மாதங்களில் அதுவும் கிடையாது.