வாக்கியத்தின் வாலைப் பாருங்கள்

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கு எதிராக ஜப்பானில் பல்லாண்டுகளாக ஒரு வாசகம் புழக்கத்தில் இருக்கிறது. ‘நொந்தரா நொருனா, நொரு நரா நொமுனா.’ நொமு என்றால் குடி, நொரு என்றால் வண்டியில் ஏறு, கடைசியில் வரும் ‘னா’ ஆதே என்கிற விலக்கு. தமிழில் சொன்னால், ‘குடித்தால் ஓட்டாதே, ஓட்டுவதானால் குடிக்காதே.’

இரண்டு பாதியிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆனாலும் முதல் பாதியில் ‘தரா’ வருகிறது (‘ன்’ ஒலிக்குப் பின் அது மெலிந்து ‘ந்தரா’ ஆகிவிடும்), இரண்டாம் பாதியில் ‘நரா’ வருகிறது. காரணம் காலவரிசை. முதல் பாதியில் குடிப்பது முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு என்ன செய்யக் கூடாது என்று பேச்சு. இரண்டாம் பாதியில் ஓட்டுவது இன்னும் நடக்கவில்லை, எண்ணமாக மட்டும் இருக்கிறது. அந்த எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே என்ன செய்யக் கூடாது என்பது செய்தி. தமிழிலும் இங்கே நாம் ‘ஓட்டினால் குடிக்காதே’ என்று சொல்வதில்லை. ‘ஓட்டுவதானால்’, ‘ஓட்டுவதாக இருந்தால்’ என்று தானாகவே மாற்றிக்கொள்கிறோம். ஜப்பானிய மொழி கற்கும் தமிழருக்கு இது கைக்கருகே இருக்கும் வசதி. பலர் இதைக் கவனிப்பதில்லை.

ஜப்பானிய மொழியில் ‘ஆல்’ என்று நாம் சொல்கிற இடத்துக்கு நான்கு வடிவங்கள் இருக்கின்றன: தொ, தரா, பா, நரா. (தமிழ் எழுத்தில் நெடிலாகத் தெரிந்தாலும் தரா, பா, நரா மூன்றும் குறிலாகவே முடியும். பாவை ‘கம்பம்’ என்பதில் வரும் ப போலச் சொல்ல வேண்டும்.) வகுப்புகளில் பரவலாகப் பயன்படும் ‘மின்னா நொ நிஹொங்கோ’ பாடநூலில் தொ 23ஆம் பாடத்திலும், தரா 25ஆம் பாடத்திலும் வருகின்றன. பாவையும் நராவையும் பார்க்க 35ஆம் பாடம் வரை காத்திருக்க வேண்டும். தனித்தனியாகப் படிக்கும்போது எதுவும் கடினமாகத் தெரியாது. நான்கும் ஒரே கேள்வியில் விடைகளாக வந்து நிற்கும்போதுதான் திணறல். சென்னையிலும் நடக்கிற ஜே.எல்.பி.டி. தேர்வில், என்4 நிலையில், இப்படிக் கோடிட்ட இடம் நிரப்பும் கேள்விகளை எதிர்பார்க்கலாம்.

அப்படி ஒரு கேள்வியைப் போட்டுப் பார்ப்போம். ‘எக்கி நி ____, தென்வா ஷித்தெ குதசாய்.’ எக்கி ரயில் நிலையம், ட்சுக்கு போய்ச் சேர், தென்வா தொலைபேசி. ‘நிலையத்துக்கு வந்து சேர்ந்ததும் போன் பண்ணுங்கள்’ என்பது சொல்ல வரும் செய்தி. விடைகள்: ட்சுக்கு தொ, ட்சுக்கெபா, ட்சுயித்தரா, ட்சுக்கு நரா.

பெரும்பாலானவர்கள் கோடிட்ட இடத்தையே வெறித்துப் பார்ப்பார்கள். அங்கே எதுவும் கிடைக்காது. விடை வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. இந்த வால் ‘குதசாய்’, அதாவது வேண்டுகோள். வேண்டுகோள், கட்டளை, ‘செய்யலாமா’ என்ற அழைப்பு, ‘செய்யப் போகிறேன்’ என்ற தீர்மானம், ‘செய்ய ஆசை’ என்ற விருப்பம் ஆகியவை எல்லாம் பேசுபவரின் மனத்திலிருந்து வருபவை. இவை வாலில் இருந்தால் தொ வரவே வராது. ஆகவே முதல் விடையை அடித்துவிடலாம்.

தொ ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது? அதன் வேலை, ஒன்று நடந்தால் இன்னொன்று தானாக நடக்கும் என்று காட்டுவது. ‘ஹரு நி நரு தொ, சக்குரா கா சக்கு’: வசந்தம் வந்தால் சக்குரா பூக்கும். பொத்தானை அமுக்கினால் சீட்டு வரும், நேரே போனால் வலப்பக்கம் வங்கி இருக்கும் என்பவையும் இந்த இனம்தான். யாருடைய விருப்பமும் இதில் தலையிடுவதில்லை. வழி சொல்கிறவர்களும் இயந்திரங்களின் கையேடுகளும் தொவை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான். இதே குணம் எச்சரிக்கைக்கும் பொருந்துகிறது. ‘இசொகனாய் தொ, ஒக்குரெமசு யோ’ என்றால் ‘சீக்கிரம் கிளம்பாவிட்டால் நேரமாகிவிடும்’. வீட்டில் குழந்தைகளை விரட்டும்போது பின்பாதியைச் சொல்லாமல் ‘இசொகனாய் தொ...’ என்று பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். மிச்சம் தானாகப் புரிந்துவிடும்.

இரண்டாவது விடை ‘ட்சுக்கெபா’. இதுதான் நன்றாகப் படித்தவரையும் கவிழ்க்கும். பாவுக்கும் வாலைப் பற்றி ஒரு கட்டுப்பாடு உண்டு, ஆனால் அது பாதிக் கட்டுப்பாடு. முன்பாதியில் இருப்பது ஒரு செயலாக இருந்து, இரண்டு பாதிக்கும் ஆள் ஒருவராகவே இருந்தால், வாலில் வேண்டுகோளோ கட்டளையோ பொருந்தாது. நம் கேள்வியில் வந்து சேர்வது செயல். வந்து சேர்பவரும் போன் பண்ண வேண்டியவரும் ஒருவரே. ஆகவே ‘ட்சுக்கெபா’ நிற்காது. முன்பாதியில் செயலுக்குப் பதிலாக ஒரு நிலை இருந்தால் கதை மாறிவிடும். ‘ஜிக்கான் கா அரெபா, கித்தெ குதசாய்’, நேரம் இருந்தால் வாருங்கள். வாலில் அதே குதசாய், ஆனாலும் வாக்கியம் சுத்தமாக இருக்கிறது. நேரம் ‘இருப்பது’ நிலை, செயல் இல்லை. ‘யசுக்கெரெபா கைமசு’, மலிவாக இருந்தால் வாங்குவேன் என்பதும் இதே கணக்குதான். இரண்டு பாதிக்கும் ஆள் வேறாக இருந்தாலும் தடை தளர்ந்துவிடும்: தனக்கா சான் போனால் நானும் போகிறேன் என்பதைப் பாவில் தாராளமாகச் சொல்லலாம். ‘பாவுக்குப் பின் குதசாய் வராது’ என்று ஒரே வரியில் குறிப்பெடுத்து வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

பாவுக்கு இயல்பான இடம் வேறு. ‘இது மட்டும் நடந்துவிட்டால் போதும், அது கிடைத்துவிடும்’ என்கிற தொனி அதற்கு உண்டு. இந்த மருந்தைச் சாப்பிட்டால் குணமாகும் என்பதற்குப் பா அழகாகப் பொருந்தும். இதைச் சாப்பிட்டால் வயிற்றைக் கெடுக்கும் என்றால் தொ பக்கம் சாய்வார்கள். இது இறுக்கமான விதி அல்ல, சாய்வுதான். பழமொழிகளுக்கும் பா பிடிக்கும். ‘சுமெபா மியக்கோ’, குடியிருந்து பழகினால் எந்த ஊரும் தலைநகர்தான் என்பது ஜப்பானியர் வாயில் சாதாரணமாக வருவது.

நான்காவது விடை ‘ட்சுக்கு நரா’. இதை எடுத்தால் ‘வந்து சேர்வதாக இருந்தால் போன் பண்ணுங்கள்’ என்றாகும். வருவாரா மாட்டாரா என்பதே சந்தேகம் என்ற நிலைமை வந்துவிடுகிறது. நமக்கு அவர் வருவது தெரியும். வந்த பிறகு நடக்க வேண்டியதைத்தான் சொல்கிறோம். ஆகவே நரா போகிறது, மிஞ்சுவது ‘ட்சுயித்தரா’. முதல் வேலை முடிந்து இரண்டாவது தொடங்குவதுதான் தராவின் அடையாளம். கட்டளை, ஆசை, அழைப்பு என்று வால் எப்படி இருந்தாலும் தராவுக்குக் கவலையில்லை.

அப்படியானால் சந்தேகம் வந்தால் தராவைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். பேச்சில் அது பெரும்பாலும் கைகொடுக்கும். நரா வர வேண்டிய இடத்தில் மட்டும் பொருளையே மாற்றிவிடும். ‘நிஹொன் எ இத்தரா, கமெரா ஒ கத்தெ குதசாய்’ என்றால் ஜப்பானுக்குப் போனதும் கேமரா வாங்குங்கள், அதாவது கடை அங்கேதான் இருக்கிறது. இத்தராவுக்குப் பதில் ‘இக்கு நரா’ என்றால், போவதாக இருந்தால் கேமரா வாங்குங்கள். வாங்குவது இங்கேயாகவும் இருக்கலாம், அங்கேயாகவும் இருக்கலாம். நரா காலவரிசையைக் கட்டுவதில்லை. எதிரில் இருப்பவர் சொன்னதையோ நினைப்பதையோ எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் ஒரு கருத்தை வைக்கிறது.

அதனால் நராவுக்குப் பின்னால் அறிவுரை வருவது வழக்கம். ‘ஹொக்கைதோ எ இக்கு ____, நிகட்சு கா ஈ தெசு யோ’, ஹொக்கைடோ போவதென்றால் பிப்ரவரிதான் நல்லது. (சப்போரோவின் பனித் திருவிழா பிப்ரவரித் தொடக்கத்தில் நடக்கும், 1950இல் தொடங்கியது.) கோடிட்ட இடத்துக்கு முன் ‘இக்கு’ என்று அகராதி வடிவம் நிற்பதால், அதோடு ஒட்டக்கூடியவை தொவும் நராவும் மட்டுமே. ‘பிப்ரவரி நல்லது’ என்பது போன பிறகு தானாக நடக்கிற காரியம் அல்ல. தொ விழுந்துவிட்டது, நரா நிற்கிறது. இப்படி முன்னால் இருக்கும் வினை வடிவமே பாதி விடையைச் சொல்லிவிடும் கேள்விகளும் உண்டு. வாலைப் பார்க்கும்முன் அதைக் கவனித்தால் வேலை குறையும்.

இன்னொரு வால் இருக்கிறது, இறந்தகாலம். ‘மதொ ஒ அக்கெத்தரா, யுக்கி கா ஃபுத்தெ இத்தா.’ ஜன்னலைத் திறந்தேன், பார்த்தால் பனி பெய்துகொண்டிருந்தது. உண்மையில் ஒருமுறை நடந்துவிட்ட சம்பவம் என்பதால் இங்கே பாவும் நராவும் வராது. தராவோ ‘அக்கெரு தொ’வோ வரலாம், தொ சொன்னால் கதை எழுதுகிற வாடை கொஞ்சம் சேரும். இதில் ஒரு நிபந்தனை உண்டு. பின்பாதி, பேசுபவர் எதிர்பாராமல் கண்டதாக இருக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பினால் கடிதம் வந்திருந்தது என்று தராவில் சொல்லலாம். வீட்டுக்குத் திரும்பிப் புத்தகம் படித்தேன் என்பதற்குத் தரா போட்டால் காதில் உறுத்தும், ஏனென்றால் படிப்பது நாம் வேண்டுமென்றே செய்த காரியம். அங்கே ‘திரும்பி’ என்கிற வினையெச்சம் போல ‘காயெத்தெ’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒசாகா பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கெல்லாம் கொஞ்சம் குழம்பிக் கிடப்பதைக் கேட்பார்கள். கன்சாய் வட்டாரப் பேச்சில் தராவின் ஆட்சி பெரிது. டோக்கியோக்காரர் தொவோ பாவோ போடுகிற பல இடங்களில் இவர்கள் தராவிலேயே முடித்துவிடுவார்கள். நராவுக்கும் அங்கே ஒரு தரா வைத்திருக்கிறார்கள்: ‘இக்கு நரா’ என்பதை ‘இக்குன் யத்தரா’ என்பார்கள். ஆனால் வெறும் ‘இத்தரா’ என்று சுருக்குவதில்லை. நடுவில் அந்த ‘ன் ய’வைச் செருகி, போனதும் என்பதிலிருந்து போவதென்றால் என்பதைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள்.