சென்ட்ரலுக்கு வந்துவிட்ட எழும்பூர் பயணி

சென்னை சென்ட்ரல் விசாரணைக் கவுன்டருக்கு மூச்சிரைக்க ஓடி வருகிறவர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "சார், எந்த பிளாட்பாரம்?" இதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியும், திரையைப் பார்த்தால் போதும். கேட்டவர் சரியான ஸ்டேஷனில்தான் நிற்கிறாரா, இன்றைக்குத்தான் அவர் பயணமா என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதனால் பழகிய ஊழியர் வாய் திறக்கும் முன் கையை நீட்டுவார். "டிக்கெட்டைக் காட்டுங்க."

டிக்கெட் போனில் இருக்கும். போன் பூட்டியிருக்கும். திறந்தால் குறுஞ்செய்திகளுக்கு நடுவே எங்கோ புதைந்திருக்கும். பின்னால் வரிசை முணுமுணுக்கும். ஆனாலும் அந்த அரை நிமிடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. "கோயம்புத்தூர் வண்டி" என்று பயணி சொன்னால் அது சேரனாகவும் இருக்கலாம், நீலகிரியாகவும் இருக்கலாம். இரண்டுமே இரவில் கிளம்புபவை. ஐந்து இலக்க வண்டி எண்ணைப் பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை.

எண்ணுக்கு அடுத்து கண் போகும் இடம், ஏற வேண்டிய ஸ்டேஷன். சென்ட்ரலின் சுருக்கக் குறியீடு MAS, எழும்பூருடையது MS. நடுவில் ஒரேயொரு எழுத்துதான். வெளியூரிலிருந்து முதல்முறை வருகிறவருக்கு 'சென்னை' என்ற சொல் மட்டுமே கண்ணில் படுகிறது. ஆட்டோக்காரர் "ஸ்டேஷனா?" என்று கேட்க, இவர் தலையாட்ட, வந்து இறங்குவது சென்ட்ரல் வாசலில்.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். மணி இரவு 9.05. மதுரை போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸ், எண் 12637, எழும்பூரிலிருந்து 9.40-க்குக் கிளம்புகிறது. தாத்தா, பாட்டி, இரண்டு பெரிய பெட்டிகள். கேள்வி வழக்கம்போல பிளாட்பாரம் பற்றித்தான். "இது சென்ட்ரல், உங்க வண்டி எழும்பூர்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் பதறி, மறுபடி ஆட்டோ தேடிப் பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொள்வார்கள். தவறைச் சொல்லும்போதே வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "ஐயா, நேரம் இருக்கு. வண்டி எழும்பூர்ல. கீழே மெட்ரோவுக்குப் போங்க, அடுத்த ஸ்டேஷனே எழும்பூர். லிஃப்ட்லயே இறங்குங்க."

எதிரே இருக்கும் பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் லோக்கல் ஏறினாலும் அடுத்தது எழும்பூர்தான். தோள்பையோடு வந்த இளைஞர் என்றால் அதையும் சொல்லலாம். பெரியவர்களோடு, பெட்டிகளோடு படிக்கட்டு ஏறி இறங்குவது ஆகாது. பயணியின் கையையும் காலையும் பார்த்துத்தான் வழி சொல்ல வேண்டும். மணி 9.30 ஆகியிருந்தால் எந்த வழியும் உதவாது. "தாம்பரத்துல பிடிச்சிடலாம்" என்று ஆறுதலுக்காகச் சொல்லி அனுப்புவதுதான் இருப்பதிலேயே மோசமான பதில். சென்ட்ரலிலிருந்து சாலை வழியே போய் அந்த வண்டியை முந்த முடியாது.

நேர்மாறான சங்கடமும் உண்டு. சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் சென்ட்ரலில் இறங்கி "வேலூர்" என்பார்கள். கேட்டது வேலூர் என்றாலும் அவர்கள் இறங்க வேண்டியது காட்பாடியில். வேலூர் கன்டோன்மென்ட் என்றொரு ஸ்டேஷன் காட்பாடி–விழுப்புரம் பாதையில் தனியாக இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. "காட்பாடி" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். வழியில் யாரிடமாவது அதைக் காட்டிக் கேட்டுக்கொள்வார்கள்.

வரிசையைக் கையாளவும் ஒரு முறை உண்டு. முதலில் வந்தவருக்கு முதல் பதில் என்பது இங்கே நியாயமில்லை. "ஒன்பதரைக்குள்ள வண்டி இருக்கிறவங்க யாரு?" என்று ஒரு குரல் கொடுத்தால் நான்கு கைகள் உயரும், அவர்களை அனுப்பிவிட்டு மற்றவர்களிடம் வரலாம். இரண்டு மணி நேரம் முன்னதாக வந்தவருக்கு பிளாட்பாரம் எண்ணைச் சொல்லாமல் இருப்பதே நல்லது. கடைசி நேரத்தில் அது மாறக்கூடும். முன்பே கேட்ட எண்ணை நம்பி உட்கார்ந்திருப்பவர் அறிவிப்பையும் காதில் வாங்க மாட்டார். அவருக்குத் தர வேண்டியது வண்டி எண்ணும், பலகையைப் பார்க்கச் சொல்லும் ஒரு வார்த்தையும்தான்.

டிக்கெட்டில் மூன்றாவதாகப் பார்க்க வேண்டிய தேதியில்தான் சிக்கல் அதிகம். வண்டி 15-ஆம் தேதி நள்ளிரவு 12.15-க்கு என்றால், 14-ஆம் தேதி இரவே ஸ்டேஷனில் இருக்க வேண்டும். பலர் 15-ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு நிதானமாக வருகிறார்கள். டிக்கெட்டில் எல்லாமே சரியாக இருக்கிறது, திரையில் அதே வண்டி எண் ஓடுகிறது, ஆனால் அது அடுத்த நாள் வண்டி. பிளாட்பாரம் எண்ணைச் சொல்லி அனுப்பினால், பெட்டியில் ஏறி இன்னொருவரோடு இருக்கைக்குச் சண்டை போட்ட பிறகுதான் அவருக்கே தெரியவரும். வண்டி கிளம்பிய பிறகு கன்ஃபர்ம் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. இதைக் கவுன்டரிலேயே, மற்றவர் காதில் விழாமல் சொல்லி, அன்றிரவே போயாக வேண்டுமானால் முன்பதிவில்லாத டிக்கெட் எடுக்கும் கவுன்டரைக் காட்டிவிட வேண்டும்.