சரிவில் ஏறுவது வெளிறிய புழுவா, கறுத்த புழுவா?

திடக்கழிவு மேலாண்மைக்கான புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வருகின்றன. நாளொன்றுக்கு 100 கிலோவும் அதற்கு மேலும் குப்பை சேரும் அடுக்ககங்களும் விடுதிகளும் ஈரக்கழிவை முடிந்தவரை சொந்த வளாகத்திலேயே கையாள வேண்டும். பி.எஸ்.எஃப். எனப்படும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்களை வளர்க்கும் தொட்டிகளைப் பற்றி வாசகர்கள் எழுதிக் கேட்பது அதனால்தான். பலருக்கும் ஒரே குழப்பம்: புழுக்கள் தொட்டியைவிட்டு வெளியே வருகின்றன, விற்றவரோ அதுதான் அறுவடை என்கிறார். நம்பலாமா?

புழுவின் நிறத்தைப் பார்த்தால் விடை தெரியும்.

இரண்டு, மூன்று வாரம் தின்று கொழுத்த புழு உண்பதை நிறுத்துகிறது. அதன் உடல் கரும்பழுப்பாகிறது, குடல் காலியாகிறது, வாய் கொக்கிபோல மாறுகிறது. கூட்டுப்புழுவாக மாறுவதற்கு உலர்ந்த, இருண்ட இடம் தேடித் தானாகவே மேலேறுகிறது. தொட்டியின் ஒரு பக்கத்தில் 35 பாகை அளவில் சரிவும் அதன் முடிவில் ஒரு வாளியும் இருந்தால் போதும், கை படாமலே புழு வாளியில் வந்து விழும். இதைவிட எளிய அறுவடை எந்தப் பண்ணையிலும் இல்லை.

வெளிறிய, இளம் புழுக்கள் கூட்டமாக ஏறினால் கதை வேறு. அது அறுவடையல்ல, தப்பியோட்டம். கழிவு கூழாகி உள்ளே காற்றில்லை, அல்லது சூடேறிவிட்டது என்று பொருள். சுவர் ஈரமாக இருந்தால் இவை செங்குத்தாகவும் ஏறிவிடும். புளித்த நாற்றமும் சேர்ந்தே வரும். அன்றைய தீனியை நிறுத்தி, தென்னை நார்த்தூளைக் கலந்து கிளறிவிட வேண்டும்.

அளவு தப்புவதே பெரும்பாலும் காரணம். பத்தாயிரம் இளம் புழுக்களுக்குப் பன்னிரண்டு நாளில் மொத்தம் 15 கிலோ ஈரக்கழிவு போதும். அதையும் மூன்று தவணையாகப் போட வேண்டும். ஏறக்குறைய இரண்டு கிலோ புழு கிடைக்கும்.

'80 சதவீதம் குப்பை குறையும்' என்ற விளம்பரத்தையும் நிதானமாகப் படிக்க வேண்டும். சமையலறைக் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர், அது ஆவியாவதும் அந்தக் கணக்கில் சேர்கிறது. பன்னிரண்டாம் நாள் மிஞ்சுவதை 'உரம்' என்று விற்பதும் சரியல்ல. இன்னும் சில வாரம் மக்கவிடாமல் போட்டால் செடியின் வேர் கருகும்.

கோழிக்குப் புழுவை அப்படியே போடலாமா? கொதிநீரில் முக்கி, உலர்த்தி, வழக்கமான தீவனத்தோடு கலந்து கொடுப்பதே நல்லது.

கறுத்த புழு தீவனத்துக்குச் சிறந்ததா? இல்லை, தோல் தடித்துச் செரிப்பது கடினமாகிவிடும். தீவனத்துக்கு வெளிறிய நிலையிலேயே சலித்தெடுத்து, கறுத்ததில் ஒரு பங்கை ஈயாக விட வேண்டும்.

ஈ வீட்டுக்குள் தொல்லை தருமா? கடிக்காது, சாப்பாட்டில் மொய்க்காது.

ஹோட்டல் எச்சில் போடலாமா? அப்படி வளர்த்த புழுவைப் பண்ணை விலங்குகளுக்குத் தீவனமாக்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை.