மெஹந்திக்கு எந்த நாளில் கூப்பிடுவது?

காரைக்குடி வாசகர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு மெஹந்தி போட மதுரையிலிருந்து வந்த விலைப்பட்டியலை அனுப்பி, "இது நியாயமா சார்?" என்று கேட்டிருக்கிறார். மணப்பெண்ணுக்கு 7,000 ரூபாய். உறவுக்காரர்கள் 20 பேருக்கு, இரண்டு உள்ளங்கைக்கும், கைக்கு 100 வீதம் 4,000. வண்டிச் செலவு ஒரு நடைக்கு 2,700. இரண்டு நடைக்கு 5,400. ஆக 16,400.

நியாயம்தான். ஆனால் அந்த இரண்டாவது நடை தேவையே இல்லை. ஏன் என்று சொல்ல மருதாணி இலையிலிருந்து தொடங்க வேண்டும்.

மருதாணி இலையில் லாசோன் என்றொரு சாயப்பொருள் இருக்கிறது. விழுதிலிருந்து மெல்ல இறங்கி, தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. விழுதை உதிர்த்ததும் தெரிவது வெறும் ஆரஞ்சு நிறம். பிறகு காற்றுப்பட்டு, ஒன்றரை இரண்டு நாளில்தான் ஆழ்ந்த செம்பழுப்பாகிறது. தோல் தடித்த உள்ளங்கையில் நன்றாகப் பிடிக்கும். புறங்கையில் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும்.

இந்த இரண்டு நாளுக்காக மணப்பெண் காத்திருக்கலாம், பெருநாள் காத்திருக்காது. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த விநோதம் ரம்ஜானுக்கு முந்தைய இரவுதான். 29-ஆம் நோன்பு மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. பிறை அறிவிப்பு வந்த பிறகுதான் அந்த இரவு எந்த இரவு என்றே தெரியும். அதனால் மெஹந்தி போடும் பெண்கள் தேதி சொல்லி முன்பதிவு எடுப்பதில்லை, "பிறை தெரிந்த ராத்திரி, மூன்றாவது ஆள்" என்று வரிசை சொல்லித்தான் எடுக்கிறார்கள். இரண்டு இரவுகளையும் வேறு வேலைக்குக் கொடுக்காமல் ஒதுக்கி வைக்கிறார்கள். பிறை தெரியாவிட்டால் குழைத்து வைத்த கோன்கள் ஃப்ரீசருக்குள் போகின்றன. அன்றைக்கு அவர்கள் கேட்கும் கூடுதல் தொகையில் அந்த வெற்று இரவின் கூலியும் அடக்கம். அப்படிப் போட்ட கை பெருநாள் தொழுகை நேரத்தில் ஆரஞ்சாகத்தான் இருக்கும், மறுநாள்தான் சிவக்கும். நல்ல சிவப்போடு பெருநாளைத் தொடங்க நினைப்பவர்கள் 27, 28-ஆம் நோன்பிலேயே போட்டுக்கொள்கிறார்கள். கூட்டமும் இராது, விலையும் குறைவு.

இப்போது காரைக்குடி. ஞாயிறு காலை முகூர்த்தம், சனி மாலை வரவேற்பு. வரவேற்பு மேடையில் கை சிவந்திருக்க வேண்டுமானால் மணப்பெண்ணுக்கு வியாழக்கிழமையே போட்டாக வேண்டும். கலைஞர் அதைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். "சொந்தக்காரங்க வெள்ளிக்கிழமைதான் வருவாங்க" என்று நம் வாசகர் சொன்னதால்தான் இரண்டாவது நடை முளைத்தது.

கணக்கைப் பாருங்கள். மணப்பெண்ணின் இரு கைகளுக்கும் முழங்கை வரை, முன்னும் பின்னும் போட்டு, பாதத்தையும் முடிக்க ஐந்து மணி நேரம் ஆகும். 20 பேர் என்றால் 40 உள்ளங்கைகள். எளிய கொடி வடிவத்துக்கு ஒன்றுக்கு எட்டு நிமிடம் வைத்தாலும் 320 நிமிடம், அதாவது ஐந்தே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு! ஒரே காரில் உதவியாளரோடு வந்து வியாழன் மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால், ஏழரைக்குள் எல்லாமே முடிந்துவிடும். 2,700 ரூபாய் மிச்சம்.

தலைக்கணக்கு எப்போதும் சரிப்படாது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள், சமையல்கட்டிலிருந்து வரும் அத்தை என்று ஆள் கூடிக்கொண்டே போகும் வீடுகளில் மணிக்கணக்கில் கூலி பேசுவதே இருவருக்கும் நல்லது. எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும்.

முன்பணம் எதற்கு என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். இயற்கை மருதாணிப் பொடியைக் குழைத்துச் சாயம் இறங்க வைத்துச் சலித்துக் கோனில் அடைப்பது முந்தைய நாள் வேலை. வெளியே வைத்தால் ஓரிரு நாளில் அதன் சாயம் மங்கிவிடும். கடைசி நேரத்தில் நீங்கள் வேண்டாம் என்றால் விழுதும் வீண், அவர் மறுத்த இன்னொரு கல்யாணமும் வீண்.

"பத்து ரூபாய் கோனுக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். விலையை நசுக்கினால் மலிவான 'ஐந்து நிமிடக் கோன்' கைக்கு வரும். சீக்கிரமே கன்னங்கரேலென்று நிறம் தரும் 'கறுப்பு மருதாணி'யில் பல நேரம் கலந்திருப்பது தலைச்சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம். அது சிலருக்குத் தோலைக் கொப்பளிக்க வைக்கும், தழும்பும் நிற்கும். போட்ட உடனே கறுக்கும் எதுவும் வெறும் மருதாணி அல்ல.

ஆகவே வாசகரே, வெள்ளிக்கிழமை நடையை மட்டும் நீக்கச் சொல்லுங்கள். வியாழன் மதியத்துக்குள் வரமுடிந்த உறவுகளை வரச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு உள்ளூரிலேயே ஆள் பார்க்கலாம். 13,700 ரூபாயிலிருந்து மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்காதீர்கள்.