ஒன்றை மூடுங்கள், ஒன்றைத் திறந்துவிடுங்கள்

ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பெட்டிகள் இருக்கும். வெளியிலிருந்து வரும் கேபிள் முடிகிற சின்ன வெள்ளைப் பெட்டி ஒன்று. விளக்குகள் மினுக்கும் ரூட்டர் இன்னொன்று. வெள்ளைப் பெட்டிக்கு மின்சாரமும் இல்லை, சூடும் இல்லை. அதை இறுக மூடத்தான் வேண்டும். இரவும் பகலும் சூடாகவே இருக்கும் ரூட்டரை மூடினால் கெட்டுவிடும். கடலோர ஊர்களில் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்கிறார்கள்.

கடலூரில் ஒரு வீட்டில் பல்லிக்கும் தூசுக்கும் பயந்து, ரூட்டரைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு டிவிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். சித்திரையில் மதியமானால் இணைப்பு அறுந்துவிடும். ராத்திரி தானாகச் சரியாகும். இப்படி நேரம் பார்த்து வரும் கோளாறுக்குப் பெரும்பாலும் சூடுதான் காரணம். வீட்டு ரூட்டர்கள் பலவும், சுற்றியுள்ள காற்று 40 டிகிரிக்குள் இருந்தால் வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. அறையே 35 டிகிரி என்றால் டப்பாவுக்குள் அந்த அளவு சீக்கிரமே தாண்டிவிடும். டப்பாவை எடுத்துவிட்டு, ஓதம் ஏறாத உள்சுவரில், பின்னால் இரண்டு விரல் இடைவெளி விட்டு, நின்றவாக்கில் மாட்டினார்கள். தொல்லை நின்றது.

பூச்சிக்குப் பயந்து காற்றுத் துளைகளில் வலை ஒட்டினால் தூசு படிந்து அதுவும் அடைத்துக்கொள்ளும். எறும்பு பெரும்பாலும் வயர் வழியாகவே ஏறுகிறது; வயர் வரும் சுவரில் எறும்புச் சாக்பீஸ் கோடு போடுங்கள். ஸ்ப்ரேயை ரூட்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தூசுக்கு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினால் போதும்.

அதே வீட்டில் ஐப்பசி மழையில் வேறு தொல்லை. `LOS` விளக்கு சிவப்பாக எரிந்தது; அதாவது ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை. மழைநீர் கேபிளைப் பிடித்தபடி வழிந்து, சுவர்த் துளை வழியாக வெள்ளைப் பெட்டிக்குள் போய், பச்சை கனெக்டரை நனைத்திருந்தது. ஃபைபரில் ஒளி போகும் பகுதி முடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குதான். ஈரத்தோடு ஒட்டும் ஒரு துகளே வழியை மறைத்துவிடும். அந்த முனையை விரலால் தொடவோ வாயால் ஊதவோ கூடாது. ஊழியர் வந்து அதற்கான துடைப்பானால் சுத்தம் செய்யட்டும்.

நீரைத் தடுப்பது எளிது. துளைக்கு வெளியே கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு, மறுபடி மேலேற்றி உள்ளே விட்டால், நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். துளை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். இடைவெளியை சிலிகான் பசையால் அடைக்க வேண்டும். தொங்கல் வளைவு சாத்துக்குடியைவிடச் சிறிதாகக் கூடாது, ஒளி கசியும்.

அடைமழை நாட்களில் ரூட்டரை நாள்கணக்கில் அணைத்து வைக்காதீர்கள். அதன் சூடுதான் உள்ளே ஈரம் படியாமல் காக்கிறது. இடி வரும்போல் இருந்தால் மட்டும், அது தொடங்கும் முன்பே அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள், நின்றதும் மாட்டிவிடுங்கள்.