வீட்டை மகன் பேருக்கு மாத்தியாச்சு, திரும்ப வாங்க முடியுமா?

லாயாங் லாயாங்கில் உள்ள வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டீங்க. பிறகு அவர் உங்களைக் கவனிக்கவில்லை. என்ன செய்வது?

இந்தியாவில் வழி உண்டு. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பராமரிப்போம் என்ற நிபந்தனையோடு வாங்கிய சொத்தை மீட்க மூத்தோருக்கு உரிமை தருகிறது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் 2019-இல் மகனுக்குச் சொத்தைத் தானமாகக் கொடுத்தார். பத்திரம் எழுதிய சமயத்தில், கவனிக்காவிட்டால் தாய் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என மகன் தனிக் கடிதம் கொடுத்ததாக வழக்கு. அது போலி என்றார் மகன். உயர் நீதிமன்றத்தில் தோற்ற தாய்க்கு, 2025 ஜனவரி 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொத்தைத் திரும்பக் கொடுத்தது. அந்தக் கடிதம்தான் கைகொடுத்தது.

ஆனால் அந்தச் சட்டம் இங்குள்ள வீட்டுக்குச் செல்லாது. சிங்கப்பூரில் 1995 முதல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கு. அதுவும் ஜீவனாம்சத்துக்குத்தான், வீட்டை மீட்க அல்ல. மலேசியாவில் நில அலுவலகத்தில் 14ஏ பாரம் பதிவாகிவிட்டால் வீடு மகனுடையது. ஏமாற்றியோ மிரட்டியோ கையெழுத்து வாங்கினார் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கணும். 'சோறு போடல' என்பது மட்டும் போதாது.

அதனால் பெயர் மாற்றும் முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள். உயில் எழுதினால், உயிரோடு இருக்கும்வரை வீடு உங்கள் பேரிலேயே இருக்கும். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.