ஒரு மைக்குக்கு ஏன் மூன்று பின்?

மைக் கேபிளின் முனையில் உள்ள எக்ஸ்எல்ஆர் கனெக்டரைத் திருகிக் கழற்றினால் உள்ளே மூன்று பின்கள் இருக்கும். முதல் பின்னில் செம்புக் கம்பிப் பின்னல், அதாவது ஷீல்டு, சால்டர் செய்யப்பட்டிருக்கும். இரண்டிலும் மூன்றிலும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு வரும் இரண்டு மெல்லிய ஒயர்கள். கரண்ட் போவதற்கு ஒரு ஒயர், திரும்பி வருவதற்கு ஷீல்டு என்று இரண்டே வழியில் மைக்கை ஓட்டிவிடலாம். மலிவான கரோக்கே மைக்குகள் அப்படித்தான் ஓடுகின்றன. பிறகு இன்னொரு ஒயர் எதற்கு?

கல்யாண மண்டபத்தில் மேடைக்கும் மிக்ஸருக்கும் நடுவே 40 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண டைனமிக் மைக்கில் ஒருவர் வாயருகே பிடித்துப் பேசினால் கிடைப்பது சில மில்லிவோல்ட்தான். 2 மில்லிவோல்ட் என்று கொள்வோம். அந்தக் கேபிள் போகிற வழியெல்லாம் சீரியல் லைட்டின் ஒயர், ஏ.சி.க்குப் போகும் லைன், ஜெனரேட்டர் கேபிள். அவற்றில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் மைக் ஒயரிலும் கொஞ்சம் மின்னழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. ஷீல்டு இருக்கிறதே என்று கேட்கலாம். மின்புலத்தை அது நன்றாகவே தடுக்கும். ஆனால் கரண்ட் ஓடும் கம்பியைச் சுற்றி எழும் காந்தப்புலத்துக்கு, அதுவும் 50 ஹெர்ட்ஸில், மெல்லிய செம்புப் பின்னல் ஒரு தடையே அல்ல. இரு வழி கேபிளில் 5 மில்லிவோல்ட் ஹம் ஏறினால் 2 மில்லிவோல்ட் பேச்சு அதற்கு அடியில் போய்விடும்.

மூன்று பின் கேபிளில் ஹம் ஏறாது என்று நினைத்தால் தவறு. அதிலும் ஏறும். ஆனால் இரண்டு ஒயரிலும் ஒரே அளவு ஏறும்படி செய்திருக்கிறார்கள். முறுக்கு அதற்குத்தான். ஒரு சுற்றில் லைன் ஒயருக்குப் பக்கமாக இருந்த கம்பி அடுத்த அரைச் சுற்றில் தள்ளிப் போய்விடும், தள்ளியிருந்தது பக்கத்தில் வந்துவிடும். முழு நீளத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் இருந்த மாதிரிதான்.

இப்போது கணக்கு. ஒரு கணத்தில் மைக் இரண்டாம் பின்னில் +1, மூன்றாம் பின்னில் −1 மில்லிவோல்ட் தருகிறது. வழியில் இரண்டிலும் 5 ஏறுகிறது. மிக்ஸருக்கு வந்து சேர்வது 6, 4. மிக்ஸரின் முதல் சர்க்யூட் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது: 6 − 4 = 2. பேச்சு முழுசாக வந்தது, இரண்டுக்கும் பொதுவாக இருந்த 5 காணாமல் போனது.

பொதுவாக வருவதை மிக்ஸர் எப்படிக் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்பதைக் காண கண்டென்சர் மைக்குகளுக்குத் தரப்படும் 48 வோல்ட் பேன்டம் பவர் நல்ல உதாரணம். அது ஆளுக்கொரு 6.81 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக இரண்டு ஒயருக்கும் சமமாகப் போகிறது. 2 மில்லிவோல்ட் பேச்சு வரும் அதே கம்பியில் 48 வோல்ட் நிற்கிறது, கழிக்கும்போது பூஜ்யம்! டைனமிக் மைக்கை அதே லைனில் தெரியாமல் மாட்டினாலும் ஒன்றும் ஆகாது. சுருளின் இரு முனையிலும் ஒரே வோல்டேஜ் இருப்பதால் அதில் கரண்ட் ஓடாது. கேபிளுக்குள் ஒரு ஒயர் ஷீல்டோடு ஒட்டியிருந்தால் மட்டும்தான் வம்பு.

இங்கே தொழிலில் பழகியவர்களே பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ஒரு ஒயரில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் சத்தம் போவதால்தான் ஹம் வெட்டுப்படுகிறது என்பார்கள். அப்படியல்ல. எத்தனையோ கருவிகள் இரண்டாம் பின்னில் மட்டும் சிக்னலைத் தந்து, மூன்றாம் பின்னை அதே மதிப்புள்ள ஒரு ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டுக்குக் கட்டிவிடுகின்றன. மேலே போட்ட கணக்கையே திரும்பப் போடலாம்: 2 + 5 = 7, 0 + 5 = 5, கழித்தால் அதே 2. தலைகீழ் நகல் இல்லாமலேயே ஹம் போய்விட்டது. ஹம்மை விரட்டுவது இரண்டு ஒயருக்கும் கிரவுண்டுக்கும் இடையிலுள்ள மின்தடை ஒரே மாதிரி இருப்பதுதான். 'பேலன்ஸ்டு' என்ற பெயரே இந்தச் சமநிலையைத்தான் சொல்கிறது.

சமநிலை கொஞ்சம் தப்பினால் என்ன ஆகும்? மிக்ஸரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் லைனை எடுத்துக்கொள்வோம். மிக்ஸர் மண்டபத்து லைனில், ஆம்ப்ளிஃபயர் ஜெனரேட்டரில் என்றால் இரண்டின் எர்த்துக்கும் இடையே 1 வோல்ட் வித்தியாசம் இருக்கலாம். மிக்ஸரின் அவுட்புட்டில் ஒயருக்கு 100 ஓம், ஆம்ப்ளிஃபயரின் இன்புட்டில் ஒயருக்கு 10 கிலோஓம் என்றால் இரண்டு ஒயரிலும் 990.1 மில்லிவோல்ட் ஹம் வந்து சேரும், கழித்தால் ஒன்றும் மிஞ்சாது. மூன்றாம் பின் அழுக்கேறி 10 ஓம் கூடிவிட்டது என்று வையுங்கள். அந்த ஒயரில் வருவது 989.1. மிஞ்சுவது 1 மில்லிவோல்ட். பாட்டு ஓடும்போது தெரியாது. மாலை மாற்றும் அமைதியில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்.

அதே 10 ஓம் கோளாறு, ஆனால் இன்புட்டின் மின்தடை 10 லட்சம் ஓம் என்றால் மிஞ்சுவது அதில் நூறில் ஒரு பங்குதான். நல்ல டிரான்ஸ்பார்மர் இன்புட் பழைய கேபிளையும் பொறுத்துக்கொள்வதற்கு இதுவே காரணம். சாதாரண எலக்ட்ரானிக் இன்புட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அமெரிக்கப் பொறியாளர் பில் விட்லாக் இதை விடாமல் எடுத்துச் சொன்னதோடு, டிரான்ஸ்பார்மர் போலவே நடந்துகொள்ளும் ஒரு ஐ.சி. சர்க்யூட்டையும் வடிவமைத்தார். ஒரு ஒயரில் வேண்டுமென்றே 10 ஓமைச் சேர்த்துச் சோதிக்கும் முறை ஐ.இ.சி. 60268-3 தரவிதியிலும் இடம்பெற்றிருக்கிறது. ஆய்வகத்தில் துல்லியமாகச் சமன்செய்து அளந்து காட்டும் எண்ணைவிட அந்தச் சோதனையின் எண்தான் மண்டபத்துக்கு உதவும்.

போன வருஷம் ஒரு வரவேற்பில் நான் ஒரு மணி நேரம் தேடிய ஹம், கேபிளில் இல்லை. மைக் லைன் முழுக்க நல்ல மூன்று பின் கேபிள். மிக்ஸர் பக்கம் மட்டும் சாக்கெட் போதாமல் யாரோ ஒரு மோனோ ஜாக்கைப் பற்றவைத்திருந்தார்கள். மோனோ ஜாக்கில் இரண்டே தொடர்புகள்தான், அதனால் மூன்றாம் பின்னை ஷீல்டோடு சேர்த்தே சால்டர் செய்தாக வேண்டும். ஒரு ஒயர் நேராக கிரவுண்டில், மற்றது 5 மில்லிவோல்ட் ஹம்முடன். கழிப்பதற்கு ஜோடி இல்லை. 40 மீட்டர் நல்ல கேபிளை அரை அங்குல இணைப்பு வீணாக்கிவிட்டது.

கோளாறு எங்கே என்று காதாலேயே ஓரளவு சொல்லிவிடலாம். மைக்கின் உலோக உடம்பைத் தொட்டதும் ஹம் மாறினால் ஷீல்டு விட்டுப்போயிருக்கிறது. பேச்சு மெலிந்து, அடிக்குரல் இல்லாமல், கூடவே ஹம்மும் ஏறினால் இரண்டாம் அல்லது மூன்றாம் பின்னில் ஒன்று விட்டிருக்கிறது. மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு பின்னாகப் பார்க்கும்போது கனெக்டருக்குப் பக்கத்தில் கேபிளை ஆட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். அசையாமல் கிடக்கும் கேபிளில் பாதி அறுந்த ஒயரும் பீப் அடிக்கும். கிதாரின் பிக்கப்பே வாங்கிக்கொண்ட ஹம்மாக இருந்தால் எந்தக் கேபிளை மாற்றியும் பயன் இல்லை. அது கேபிளுக்குள் நுழையும்போதே பாட்டோடு சேர்ந்துவிட்டது, இரண்டு ஒயருக்கும் இடையிலான வித்தியாசமாகவே வருகிறது. மிக்ஸருக்கு அதுவும் பாட்டுத்தான்.